சரியான ஆவணம் மேலே வரவில்லை: தமிழ் உரைகளில் கோல்பெர்ட் தேடலின் கோளாறுகளைக் கண்டறியும் முறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மீனவர் சங்கங்களும் சிறு நூலகங்களும் சேர்த்து வைத்திருக்கும் தமிழ் அறிவிப்புகளைத் தேடுவதற்குக் கோல்பெர்ட் வகைத் தேடலை அமைத்துக் கொடுக்கும்போது, ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரே புகார்தான் எழுகிறது: ஆவணம் தொகுப்பில் இருக்கிறது, ஆனால் தேடினால் மேலே வருவதில்லை. அந்த ஒரு புகாருக்குப் பின்னால் வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. எந்தக் கோளாறு எந்த அறிகுறியைக் காட்டும், முதலில் எதைச் சோதிக்க வேண்டும், எந்தக் கட்டத்துக்குப் பிறகு மாடல் பயிற்சியில் தேர்ந்தவரை அழைக்க வேண்டும் என்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைத் தேடலில் வினவலும் ஆவணமும் தனித்தனியே டோக்கன்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு வெக்டர் உருவாகிறது. வினவலின் ஒவ்வொரு டோக்கனும் ஆவணத்தின் எல்லா டோக்கன்களோடும் ஒப்பிடப்பட்டு, அவற்றுள் மிக நெருங்கியதன் மதிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த உச்ச மதிப்புகளின் கூட்டுத்தொகையே ஆவணத்தின் மதிப்பெண். இந்த முறைக்குத் தாமதப் பொருத்தம் என்று பெயர். ஓமர் கட்டாபும் மதேய் சகாரியாவும் 2020இல் வெளியிட்ட கோல்பெர்ட் முதல் இன்றைய பன்மொழி மாடல்கள் வரை இந்தக் கூட்டல் மாறவில்லை. கோளாறு பார்ப்பவருக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஆவணம் முழுவதையும் ஒரே வெக்டராகச் சுருக்கும் தேடலில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை; இங்கே பார்க்கலாம்.

## தொடங்குவதற்கு முன்: கூட்டலைப் பிரித்துப் பாருங்கள்

எந்த அறிகுறியானாலும், அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் ஒரு வினவலையும், வந்திருக்க வேண்டிய ஆவணத்தையும், அதற்குப் பதிலாக வந்த ஆவணத்தையும் எடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட கணக்கை ஓட்டுங்கள். இண்டெக்ஸைத் தொடாமல் நேரடியாகச் செய்யும் கணக்கு இது. மாடலை `m` என்ற பெயரிலும், வினவலையும் ஆவணத்தையும் `vinaval`, `aavanam` என்ற பெயர்களிலும் ஏற்றிக்கொண்டால், பைலேட் நூலகத்தில் இவ்வளவுதான்:

```python
Q = m.encode([vinaval], is_query=True)[0]
D = m.encode([aavanam], is_query=False)[0]
S = Q @ D.T
print(Q.shape, D.shape)
print(S.max(axis=1).round(2), S.argmax(axis=1))
print(S.max(axis=1).sum())
```

முதல் வரி வினவலிலும் ஆவணத்திலும் எத்தனை வெக்டர்கள் உள்ளன என்று காட்டும். இரண்டாவது வரி ஒவ்வொரு வினவல் டோக்கனும் பெற்ற உச்ச மதிப்பையும், அது ஆவணத்தின் எத்தனையாவது வெக்டரிலிருந்து கிடைத்தது என்பதையும் காட்டும். இவ்விரண்டையும் டோக்கன்களின் பெயரோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் "பட்டியல்" என்று சொல்வது இதைத்தான். வழக்கமான மாடல்களில் ஆவணப் பக்கத்து நிறுத்தற்குறிகளின் வெக்டர்கள் நீக்கப்பட்டுவிடும் என்பதால், வெக்டரின் வரிசை எண்ணும் டோக்கனைசர் தரும் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்காது. முற்றுப்புள்ளிகளையும் காற்புள்ளிகளையும் கழித்துவிட்டு எண்ணவில்லையானால் பட்டியல் தவறான சொல்லைச் சுட்டும்.

இதில் சரியான ஆவணமே அதிக மதிப்பெண் பெற்றால் மாடலில் குறையில்லை. நேரே ஐந்தாம் அறிகுறிக்குச் செல்லுங்கள். இங்கேயே தவறான ஆவணம் முந்தினால் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. பலர் முதலில் செய்வது அதைத்தான். ஓர் இரவு வீணாகும்.

## அறிகுறி 1: தமிழில் எதைக் கேட்டாலும் தொடர்பில்லாத ஆவணங்களே வருகின்றன

### உரையே உடைந்திருக்கிறதா?

மிக எளிய காரணம் இதுவே. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய சுற்றறிக்கைகளும், பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கப்பட்ட அறிவிப்புகளும் திரையில் ஓரளவு சரியாகத் தோன்றினாலும், உள்ளே எழுத்துகளின் வரிசை மாறியிருக்கும். "பொது" என்பது "ெபாது" என்று கிடப்பது இதன் அடையாளம். தொகுப்பிலிருந்து சில ஆவணங்களை எடுத்து, சொல்லின் முதலிலேயே ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ தனித்து நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரு தொகுப்பில் பாதி இப்படியும் பாதி சரியாகவும் இருந்தால், தேடல் சில நேரம் வேலை செய்வதுபோலத் தோன்றி ஏமாற்றும். உரையைச் சீராக்கி, எல்லாவற்றையும் ஒரே ஒருங்குறி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

### டோக்கனைசர் புள்ளியை நீக்கிவிடுகிறதா?

உரை நன்றாக இருந்தும் தேடல் தடுமாறினால், அடுத்துப் பார்க்க வேண்டியது டோக்கனைசர். எனக்குத் தெரிந்தவரை தமிழ்த் தொகுப்புகளில் மிக அதிகமாகக் காணப்படுவதும், பிழைச் செய்தி எதையும் காட்டாமல் மறைந்திருப்பதும் இந்தக் கோளாறுதான். கோல்பெர்ட்டின் பரவலாகப் பயன்படும் மாடலான `colbert-ir/colbertv2.0`, `bert-base-uncased` என்ற ஆங்கில மாடலின் மேல் கட்டப்பட்டது. அதன் டோக்கனைசர் உரையைச் சிற்றெழுத்தாக்கும்போதே, ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளை நீக்குவதாக எண்ணி, ஒருங்குறியில் "இடம் பிடிக்காத குறி" என்று வகைப்படுத்தப்பட்ட எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறது. தமிழில் அந்த வகையில் மெய்யெழுத்தின் புள்ளியும் ஈகாரக் குறியும் அடங்குகின்றன. விளைவை நீங்களே காணலாம்:

```python
from transformers import AutoTokenizer
t = AutoTokenizer.from_pretrained("bert-base-uncased")
print(t.backend_tokenizer.normalizer.normalize_str("மீன் வீடு நீர்"))
```

அச்சாவது "மன வடு நர". மாடல் படிக்கும் உரையில் மீனும் இல்லை, நீரும் இல்லை, வீடு வடுவாகிவிட்டது. இதற்கு மேல், அந்த மாடலின் சொல்லகராதியில் தமிழ்ச் சொற்கள் கிடையாது. சில தனி எழுத்துகளும் குறிகளும் மட்டுமே உண்டு. எனவே "மீனவர்" என்பது எழுத்தெழுத்தாக உடைகிறது. சொல்லில் அகராதியில் இல்லாத ஓர் எழுத்து வந்துவிட்டாலோ முழுச் சொல்லும் `[UNK]` என்ற ஒற்றைக் குறியாகிவிடுகிறது. வினவலில் ஒரு `[UNK]`, ஆவணத்தில் வேறொரு சொல்லுக்கான `[UNK]` என்று இருந்தால் அவ்விரண்டும் ஒன்றோடொன்று மிக நெருக்கமாகப் பொருந்தும். தொடர்பற்ற ஆவணங்கள் உயர்ந்த மதிப்பெண்ணோடு மேலே வருவது இதனால்தான்.

பட்டியலில் இதை எளிதாக அடையாளம் காணலாம். வினவல் டோக்கன்கள் யாவும் ஒற்றை எழுத்துகளாக இருக்கும். சரியான ஆவணத்திலும் தவறான ஆவணத்திலும் அவற்றின் உச்ச மதிப்புகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். டோக்கனைசரில் `strip_accents=False` என்று மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். போதாது. அப்படிப் பிரிக்கப்பட்ட தமிழைக் கொண்டு அந்த மாடல் பயிற்சி பெற்றதே இல்லை; அதன் வெக்டர்கள் தமிழுக்குப் பொருளற்றவையாகவே இருக்கும். மாடலை மாற்றுவது ஒன்றே வழி. தமிழ் உள்ளடங்கிய எக்ஸ்எல்எம்-ராபர்ட்டா போன்ற பன்மொழி அடித்தளத்தின் மேல் கட்டிய தாமதப் பொருத்த மாடலைத் தேர்ந்தெடுங்கள். பல வெக்டர்களைத் தரும் வசதி கொண்ட `BAAI/bge-m3`, `jinaai/jina-colbert-v2` ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. எதை எடுத்தாலும் மேலே உள்ள பட்டியலை உங்கள் சொந்த ஆவணங்களில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். "பல மொழிகளை ஆதரிக்கும்" என்ற வரி தமிழில் எவ்வளவு நன்றாக ஆதரிக்கும் என்று சொல்வதில்லை.

### வினவலும் ஆவணமும் இடம் மாறிவிட்டனவா?

மாடல் சரியானதாக இருந்தும் இதே அறிகுறி தொடர்ந்தால், `Q.shape`, `D.shape` இரண்டையும் பாருங்கள். வழக்கமான கோல்பெர்ட் மாடல்கள் வினவலுக்கும் ஆவணத்துக்கும் வெவ்வேறு முன்னொட்டுக் குறி இட்டுப் பயிற்சி பெற்றவை. ஆவணங்களைத் தவறுதலாக `is_query=True` என்று குறியீடாக்கிவிட்டால், ஒவ்வோர் ஆவணமும், சிறியதோ பெரியதோ, சரியாக 32 வெக்டர்களோடு நிற்கும். எல்லா ஆவணங்களுக்கும் ஒரே எண்ணிக்கை வந்தால் வேறு சோதனை தேவையில்லை. திரும்பக் குறியீடாக்க வேண்டியதுதான்.

## அறிகுறி 2: இரண்டு சொல்லில் கேட்டால் வருகிறது, முழு வாக்கியமாகக் கேட்டால் வருவதில்லை

வினவலின் நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. கோல்பெர்ட் மாடல்களில் வழக்கமாக அது 32 டோக்கன். தொடக்கக் குறி, வினவல் குறி, இறுதிக் குறி ஆகியவை போக மீதம் 29. ஆங்கிலக் கேள்விக்கு இது தாராளம். தமிழிலோ ஒரு சொல் பல துண்டுகளாக உடைவதால், பத்துப் பன்னிரண்டு சொற்களிலேயே வரம்பு நிரம்பிவிடக்கூடும். மிஞ்சியது வெட்டப்படும், எச்சரிக்கை எதுவும் வராது.

வெட்டப்படுவது வாக்கியத்தின் கடைசிப் பகுதி என்பதில்தான் தமிழுக்குத் தனியான இழப்பு இருக்கிறது. "கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தைச் சேர்ந்த விசைப்படகு உரிமையாளர்களின் குடும்பங்களுக்குத் தடைக்காலத்தில் வழங்கப்படும் நிவாரணத் தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி" என்று ஒருவர் கேட்கிறார். கேட்பவருக்கு வேண்டியது நிவாரணமும் விண்ணப்பமும். அவை இரண்டும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கின்றன. வெட்டுக்குப் பிறகு மாடலிடம் எஞ்சுவது துறைமுகமும் விசைப்படகும் மட்டுமே. எனவே துறைமுகம் தூர்வாருவது பற்றிய அறிவிப்பு முதலிடத்தில் வருவதில் வியப்பில்லை. மாடல் தனக்குக் கிடைத்த கேள்விக்குச் சரியாகவே விடையளித்திருக்கிறது.

சோதனை எளியது. வினவலை டோக்கனைசரில் இட்டு எண்ணுங்கள். வரம்பைத் தாண்டினால் நோய் தெரிந்துவிட்டது. செலவில்லாத மாற்று, தேடல் பெட்டிக்கு அருகில் சுருக்கமாகக் கேட்கும்படி ஒரு குறிப்பு வைப்பது. அடுத்தது `query_length` மதிப்பை உயர்த்துவது. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. வினவல் குறுகியதாக இருக்கும்போது, மீதியிடங்களை `[MASK]` டோக்கன்கள் நிரப்புகின்றன. அவையும் வெக்டர் பெற்றுக் கூட்டலில் பங்கேற்கின்றன. கேள்வியில் சொல்லப்படாத தொடர்புடைய சொற்களுக்கு அவை ஓரளவு ஈடுகொடுக்கும். வரம்பை 32இலிருந்து 128 ஆக்கினால், இரண்டு சொல் வினவலில் நூற்றுக்கு மேற்பட்ட மாஸ்க் டோக்கன்கள் சேர்ந்து, கேட்ட இரண்டு சொற்களின் குரல் கூட்டலில் அமுங்கிப்போகும். ஆகவே நீளமான வினவலுக்கு மட்டும் வரம்பை உயர்த்துவதே முறை. ஸ்டான்ஃபோர்டின் மூல நிரலைப் பயன்படுத்துவோர், தேடும்போது `full_length_search=True` என்று கொடுத்தால் அது தானே நடக்கும்.

## அறிகுறி 3: ஆவணத்தின் முற்பகுதியில் உள்ளது கிடைக்கிறது, பிற்பகுதியில் உள்ளது கிடைப்பதில்லை

முந்தைய கோளாறின் மறுபக்கம் இது. ஆவணத்துக்கும் வரம்பு உண்டு. 180, 220, 300 போன்ற எண்களைப் பல மாடல்களில் காணலாம். `D.shape` அந்த எண்ணுக்கு மிக அருகில் நின்றால் மீதி வெட்டப்பட்டிருக்கிறது. ஆவணங்களைச் சொல் கணக்கிலோ எழுத்துக் கணக்கிலோ பிரிக்காமல், பயன்படுத்தும் மாடலின் டோக்கனைசரைக் கொண்டே எண்ணிப் பிரியுங்கள். பத்தி எல்லையில் பிரிப்பது நல்லது. ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட "200 சொல்லுக்கு ஒரு துண்டு" என்ற அறிவுரையைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டதுதான் பெரும்பாலான இடங்களில் மூலகாரணம்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: ஒரே நீண்ட ஆவணம், எடுத்துக்காட்டாக ஓர் ஆண்டறிக்கை, எந்தக் கேள்விக்கும் முதல் ஐந்துக்குள் வந்து நிற்கும். கூட்டலின் இயல்பே இதற்குக் காரணம். ஒவ்வொரு வினவல் டோக்கனுக்கும் உச்ச மதிப்பை மட்டுமே எடுப்பதால், வேறு எதுவும் மாறாத நிலையில், ஒப்பிடக் கிடைக்கும் வெக்டர்கள் கூடக் கூட அந்த உச்சம் உயரலாமே ஒழியக் குறையாது. ஒரு டோக்கனுக்குப் பொருத்தம் மூன்றாம் பக்கத்திலும், இன்னொன்றுக்கு நாற்பதாம் பக்கத்திலும் கிடைத்தாலும் கூட்டல் அதைக் கண்டுகொள்ளாது. பட்டியலில் உச்ச மதிப்புகள் வந்த இடங்கள் ஆவணம் முழுவதும் சிதறிக் கிடந்தால் இதுவே காரணம். துண்டுகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்குமாறு பிரித்தால் தீர்ந்துவிடும்.

ஒரே ஆவணம் தனியாகக் கணக்கிடும்போது ஒரு மதிப்பெண்ணும், மற்ற ஆவணங்களோடு சேர்த்துக் கணக்கிடும்போது வேறொரு மதிப்பெண்ணும் பெற்றால், அது நீளத்தின் குற்றமன்று. சொந்தமாக எழுதிய நிரலில், குறுகிய ஆவணங்களை நிரப்பச் சேர்த்த வெற்று இடங்களை உச்சம் காண்பதற்கு முன் விலக்க மறந்திருப்பார்கள்.

## அறிகுறி 4: சொற்கள் எல்லாம் பொருந்துகின்றன, எண் மட்டும் மாறிவிடுகிறது

கடலோரத் தொகுப்புகளில் இது மிகவும் தொல்லை தரும் அறிகுறி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களின் எச்சரிக்கைகள் ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்டிருக்கும்; துறைமுகத்தின் பெயர், நாள், கூண்டின் எண் ஆகியவை மட்டுமே வேறுபடும்.

ஒருவர் "கடலூர் துறைமுகம் 10ஆம் எண் புயல் கூண்டு" என்று தேடுவதாகக் கொள்வோம். சரியான ஆவணம், பல துறைமுகங்களைச் சேர்த்துக் குறிப்பிடும் ஒரு நீண்ட வாக்கியத்தில் 10ஆம் எண் கூண்டைச் சொல்கிறது. தவறான ஆவணம், கடலூரில் 3ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறது. விளக்கத்துக்காக ஒரு சொல்லுக்கு ஒரு டோக்கன் என்று கொண்டு, இத்தகைய இடங்களில் பட்டியல் எப்படி அமையும் என்பதை இந்த எண்களில் காணலாம்:

```
            சரியானது   தவறானது
கடலூர்        0.84       0.93
துறைமுகம்     0.80       0.91
10            0.95       0.70
எண்           0.88       0.91
புயல்         0.90       0.94
கூண்டு        0.86       0.92
கூட்டு        5.23       5.31
```

எண் என்ற ஒரே இடத்தில் தவறான ஆவணம் 0.25 இழக்கிறது. மற்ற ஐந்து இடங்களில் சிறிது சிறிதாக 0.33 சேர்த்துக்கொண்டு, 0.08 வேறுபாட்டில் முந்திவிடுகிறது. சந்தைக் கணக்கில் ஒரு பெரிய நோட்டின் குறையைச் சில்லறை ஈடுகட்டிவிடுவதுபோலத்தான் இந்தக் கூட்டல் நடந்துகொள்கிறது. 10க்கும் 3க்கும் பொருத்தம் 0.70 என்ற உயரத்தில் இருப்பதும் கவனிக்கத்தக்கது: இரண்டும் எண்கள், இரண்டும் "ஆம் எண் கூண்டு" என்ற ஒரே சூழலில் நிற்பவை, ஆகையால் சூழலைக் கொண்டு உருவாகும் வெக்டர்கள் நெருங்கியே இருக்கும். இதில் மாடல் பழுதாகவில்லை. "கடலூர் மட்டும், சுருக்கமாக" என்பதற்கு அது கொடுத்த முன்னுரிமையை "10" என்ற ஒற்றை டோக்கனால் மீற முடியவில்லை.

மாடலை மாற்றினாலும் இது பெரும்பாலும் தீராது என்பதால் அந்தச் செலவில் இறங்காதீர்கள். எண், நாள், துறைமுகம் ஆகியவற்றை ஆவணத்திலிருந்து பிரித்துத் தனிப் புலங்களாக வைத்து, வினவலில் எண் இருந்தால் அதைக் கொண்டு வடிகட்டிய பிறகு மதிப்பெண் போடுவதே எளிய தீர்வு. புலங்களாகப் பிரிக்க முடியாத ஒழுங்கற்ற தொகுப்பானால், பிஎம்25 போன்ற சொல்வழித் தேடலையும் உடன் ஓட்டி இரண்டின் தரவரிசைகளையும் இணைக்கலாம். அப்போதும் மதிப்பெண்களை நேரே கூட்டாமல் இடங்களைக் கொண்டு இணைப்பது பாதுகாப்பானது. இங்கே மதிப்பெண்ணின் உச்சம் வினவல் வெக்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, பிஎம்25க்கு அப்படி ஓர் உச்சம் கிடையாது.

ஊர்ப் பெயர்களில் இதற்கு எதிரான நிலை. புதுச்சேரி, பாண்டிச்சேரி, புதுவை என்ற மூன்றும் ஓர் ஊரே என்று பன்மொழி மாடல் அறிந்திருக்கும் என நம்பிவிட முடியாது. பெயர் 2006இல் அதிகாரபூர்வமாக மாறியதால், அதற்கு முந்தைய ஆவணங்களில் பழைய பெயரே நிறைந்திருக்கும். பட்டியலில் அந்த ஒரு டோக்கன் வரிசையின் மதிப்பு தாழ்ந்திருந்தால், ஆவணத்தின் தலைப்பு வரியில் இன்றைய பெயரையும் சேர்த்துக் குறியீடாக்குங்கள்.

## அறிகுறி 5: நேரடிக் கணக்கில் முதலிடம், இண்டெக்ஸ் வழியே தேடினால் காணவில்லை

இங்கே மாடல் குற்றமற்றது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூற்றுக்கணக்கான வெக்டர்கள் இருப்பதால், எல்லாவற்றோடும் ஒப்பிடுவது பெரிய தொகுப்பில் இயலாது. எனவே பிளெய்டு போன்ற இண்டெக்ஸ்கள் வெக்டர்களைக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மையப்புள்ளி வைத்து, வினவல் டோக்கனுக்கு நெருங்கிய சில மையங்களைச் சேர்ந்த ஆவணங்களை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. அந்த முதல் சல்லடையில் தவறிய ஆவணத்துக்கு மதிப்பெண்ணே போடப்படுவதில்லை.

முதலில் சல்லடையின் கண்களைப் பெரிதாக்குங்கள். ஸ்டான்ஃபோர்டின் மூல நிரலில், பத்து முடிவுகள் மட்டும் கேட்டால், ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரே ஒரு மையம்தான் பார்க்கப்படும். மைய மதிப்பின் கீழ்வரம்பு 0.5, அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆவணங்கள் 256. இவற்றைத் தளர்த்தலாம்:

```python
searcher.configure(ncells=4, centroid_score_threshold=0.3, ndocs=4096)
```

இப்போது ஆவணம் திரும்பி வந்துவிட்டால், வேகம் எந்த அளவு வரை தாங்கும் என்று பார்த்து, மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்கு இறுக்கிக்கொண்டே வாருங்கள். எதை இறுக்கும்போது ஆவணம் மறைகிறதோ அதுவே காரணம்.

தளர்த்தியும் வரவில்லையென்றால், காணாமற்போன ஆவணங்கள் எப்போது சேர்க்கப்பட்டவை என்று பாருங்கள். மையப்புள்ளிகள் இண்டெக்ஸ் முதலில் கட்டப்பட்ட நாளில் இருந்த ஆவணங்களைக் கொண்டு கணிக்கப்பட்டவை. மீன்வள அறிவிப்புகளை மட்டும் வைத்துக் கட்டிய இண்டெக்ஸில், பின்னர் பண்ருட்டிப் பலா, முந்திரி விவசாயிகளுக்கான குறிப்புகளைச் சேர்த்தால், அவற்றுக்குப் பொருத்தமான மையம் அங்கே இருக்காது. அவை தொலைவிலுள்ள ஏதோ ஒரு மையத்தில் ஒட்டவைக்கப்படும். காணாமற்போனவை எல்லாம் பின்னர் சேர்க்கப்பட்ட, வேறு துறை சார்ந்த ஆவணங்களாக இருந்தால், முழுத் தொகுப்பையும் கொண்டு இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுங்கள். அந்த வேலை இங்கேதான் தேவைப்படுகிறது.

ஆவணம் வருகிறது, ஆனால் நேரடிக் கணக்கைவிட இரண்டு மூன்று இடம் தள்ளி வருகிறது என்றால், சுருக்கத்தின் விளைவு அது. 128 பரிமாண வெக்டரை 16 பிட்டில் வைக்க 256 பைட் வேண்டும். 2 பிட் சுருக்கத்தில் மைய எண்ணையும் சேர்த்து 36 பைட்டே ஆகிறது. `nbits=4` என்று கட்டினால் இடம் ஏறக்குறைய இரு மடங்காகும், வரிசை நேரடிக் கணக்கை நெருங்கும். சில ஆயிரம் துண்டுகள் மட்டுமே கொண்ட சங்கத் தொகுப்புக்கு, என் கருத்தில், இந்த இண்டெக்ஸே தேவையில்லை. வெக்டர்களைச் சுருக்காமல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டாலே சாதாரணக் கணினி தாங்கும். ஐந்தாம் அறிகுறி முழுவதும் இல்லாமற்போகும்.

## எந்தக் கட்டத்தில் ஆள் அழைக்க வேண்டும்

மேற்கண்ட சோதனைகள் எல்லாம் முடிந்து, உரை சீராக இருந்து, டோக்கன்கள் ஒழுங்காகப் பிரிந்து, வெட்டு எதுவும் இல்லாமல், நேரடிக் கணக்கிலேயே தவறான ஆவணம் தொடர்ந்து முந்துகிறது என்றால், எஞ்சியிருப்பது மாடலுக்கு உங்கள் துறையின் தமிழ் தெரியவில்லை என்பது மட்டுமே. பட்டியலில் அது இப்படித் தெரியும்: "தடைக்காலம்" என்ற வினவல் சொல், "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது" என்ற வாக்கியத்தின் எந்தச் சொல்லோடும் உயர்ந்த மதிப்புப் பெறாமல், "காலம்" என்ற துண்டு வரும் தொடர்பற்ற ஆவணத்தில் உயர்ந்த மதிப்புப் பெறும். இதைச் சரிசெய்ய மாடலுக்குத் தொகுப்பின் வினவல்களைக் கொண்டு மேற்பயிற்சி அளிக்க வேண்டும். அதற்கு ஜிபியு வாடகை, பயிற்சித் தரவு, தவறான எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அனுபவம் ஆகியவை தேவை. மேற்பயிற்சிக்குப் பின் பழைய வெக்டர்கள் அனைத்தும் செல்லாதவையாகி, தொகுப்பு முழுவதையும் மீண்டும் குறியீடாக்க வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழைப்பதற்கு முன், பயனர்கள் உண்மையில் கேட்ட ஐம்பது கேள்விகளையும், ஒவ்வொன்றுக்கும் வந்திருக்க வேண்டிய ஆவணத்தின் எண்ணையும், தற்போது அதற்கு எத்தனையாவது இடம் கிடைக்கிறது என்பதையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். கேள்விகளைத் திருத்தாமல், பயனர் தட்டச்சு செய்த எழுத்துப் பிழையோடும் ஆங்கில எழுத்துத் தமிழோடும் அப்படியே வைக்க வேண்டும். மோசமான ஐந்து கேள்விகளுக்குப் பட்டியலின் அச்சையும் இணையுங்கள். வருபவர் இந்தக் கோப்பைக் கேட்காமலேயே மேற்பயிற்சிக்கு விலை சொன்னால், வேறொருவரைப் பாருங்கள்.